உள்மடிப்பில் ஒரு சிவப்பு அம்பு

தான் அடுக்கிய பெட்டியை இன்னொருவர் திறந்து மோகனா நேரில் பார்த்ததே இல்லை. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த நீளமான ஷெட்டில் அவளுடைய வேலை மூடுவதோடு முடிந்துவிடும். மூடியைப் பிறகு யார் தூக்குகிறார்கள், எந்த ஊரில், எந்த மேஜையில், தூக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் கூரியர் வண்டியோடு கேட்டைத் தாண்டிப் போய்விடும்.

அதற்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் பல வருஷம் பேக்கிங்கில் இருந்தவள். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ். டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஷூவின் மூக்குக்குள் திணிக்க வேண்டும். ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் குதிகால் பக்கம் வருமாறு ஜோடியைப் படுக்கவைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தைப் போட்டு மூட வேண்டும். அங்கே டிஷ்யூ என்பது கப்பலில் ஷூ நசுங்காமல் இருப்பதற்கு. யாருடைய கண்ணுக்காகவும் அல்ல.

இங்கே வந்த பிறகுதான் டிஷ்யூவுக்கு வேறொரு வேலை இருப்பது தெரிந்தது. முதலாளி சுஹேல் அகமதுவின் அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். மகன் தோல் சாமான்களைப் பெட்டியில் போட்டு, மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மாதம் ஒரு பெட்டி அனுப்பும் யோசனையோடு வந்தான். பெயர் ‘நர்மி’. உருதுவில் மென்மை என்று பொருள். உள்ளே என்ன வரும் என்று வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதுதான் விஷயமே என்றான் சுஹேல்.

“பிரிக்கும்போது அவங்களுக்குக் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும், மோகனா. மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி இருக்கக் கூடாது.”

மோகனாவுக்கு அது சட்டென்று பிடித்துப் போனது. இரண்டு டிஷ்யூவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டிக்குள் விரிப்பாள். அதன்மேல் சுருள் சுருளாக வெட்டிய காகிதத்தைப் பரப்பி, கைவிரலால் லேசாகக் குழி பண்ணுவாள். இடது குழியில் கார்டு போட்டுவைக்கும் மடிப்பு பர்ஸ். வலது குழியில் தோல் கிரீம் டப்பாவும் துடைக்கிற துணியும். நடுவில் சாவி வளையம். அதன் வளையம் மேல்பக்கம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிரிக்கிறவர் கண்ணுக்கு வெறும் தோல் வார்தான் தெரியும். டிஷ்யூவின் நான்கு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து வட்ட ஸ்டிக்கர். அழுத்தி ஒட்டினால் பிரிக்கும்போது காகிதம் கிழியும். அழுத்தாவிட்டால் வழியிலேயே பிரிந்துகொள்ளும். ஸ்டிக்கருக்கு மேலே, மூடியைத் தூக்கியதும் முகத்தில் படுகிற மாதிரி, நர்மி முத்திரை போட்ட அட்டை. ‘இதை உங்களுக்காக அடுக்கியவர்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் மோகனா தமிழில் தன் பெயரை எழுதுவாள். ஷூ கம்பெனியில் அவளுக்கு ஒரு நம்பர்தான் இருந்தது.

அவளை இங்கே சேர்த்துவிட்டது அன்வரி பேகம். அதே ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர், கணவர் போன பிறகு சுஹேலின் அப்பா கூப்பிட்டு இங்கே வந்தவர். சுஹேல் அவரை ஆபா என்பான், உருதுவில் அக்கா. மோகனாவுக்கு அன்வரிக்கா. தைத்து வரும் ஒவ்வொரு உருப்படியும் அவர் கையைத் தாண்டித்தான் பேக்கிங் மேஜைக்கு வரும். தோலை உள்பக்கமாக மடிப்பார். மடித்த இடத்தில் கிழவியின் உதட்டைப் போல நுண்ணிய சுருக்கம் விழுந்து, நிமிர்த்தியும் போகவில்லை என்றால் ‘லூஸ்’. மேல்தோல் அடித்தோலோடு ஒட்டாமல் நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாள் போனால் அந்த மடிப்பில் உரியத் தொடங்கும். அதற்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் ட்ரேயில் போட்டுவிடுவார். அப்படி ஒதுக்கியவற்றைப் பிரித்து, நல்ல பாகத்தில் சாவி வளையத்துக்கு வார் வெட்டுவார்கள்.

மேஜைக்கு வந்ததை மோகனா மறுபடி பார்க்க மாட்டாள். மேஜையிலிருந்து போனதை அன்வரிக்காவும் பார்க்க மாட்டார். அப்படி ஒரு பழக்கம்.

அந்தப் பழக்கத்தில்தான் மோகனா கை வைத்தாள்.

வாலாஜாபேட்டையில் அவளுடைய நாத்தனார் கமலம் புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்திருந்தாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் கமலத்திடம் ஒரு பேச்சு தயாராக இருக்கும். “தோல் கம்பெனில வேலைன்னு பேரு. எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு பெல்ட்டு வந்துச்சா? மாதனூர்ல இருந்து முருங்கக்காதான் வருது.” சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். மோகனாவின் கணவன் செல்வகுமாரும் சிரிப்பான். அதுதான் அவளுக்குப் பொறுக்காது.

ஆனால் கமலத்தின் வாயை அடைக்க மட்டும்தான் எடுத்தாள் என்று சொன்னால் முழுசாகச் சொன்னதாகாது. ஒரே ஒரு முறை, தன் கையால் அடுக்கியதை ஒருவர் தன் எதிரில் பிரிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. மூடி திறந்து, டிஷ்யூ விலகி, அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். இதைச் செல்வகுமாரிடம் சொன்னால் பைத்தியமா என்பான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டிக்கு ஒன்று என்று எண்ணித்தான் பர்ஸ்கள் மேஜைக்கு வரும். ஒன்று போனால் ஒரு பெட்டி காலியாக நிற்கும். எல்லோரும் டீக்குப் போன நேரம், ரிஜெக்ட் ட்ரேயிலிருந்து ஒன்றை எடுத்தாள். வெளிப்பக்கம் ஒட்டியிருந்த அம்பை நகத்தால் நெம்பி உரித்தாள். அதைப் பெட்டியில் வைத்து டிஷ்யூவை மடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, அட்டையில் தன் பெயரையும் எழுதி வைத்தாள். அந்தப் பெட்டிக்கு வந்த நல்லதை டிஷ்யூவில் சுற்றி டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள். எங்கேயோ போகிற பெட்டி. யாரோ ஒருத்தர். மடிப்பு உரிய மாசக் கணக்காகும். அதற்குள் அவர்களுக்கு வேறு பர்ஸ் வந்திருக்கும். இப்படியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினாள்.

கிரகப்பிரவேசத்தில் கமலம் அதைப் பிரித்தது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நின்றபடியே டிஷ்யூவை ஒரே இழுப்பாகக் கிழித்தாள். “பர்ஸா? சின்னதா கீது,” என்றாள். பந்தியில் உப்பு கேட்ட யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே அதை இடுப்பில் செருகினாள். கசங்கிய டிஷ்யூவை ஒரு குழந்தை எடுத்து மூக்குத் துடைத்துக்கொண்டது.

அத்தோடு போயிருக்கலாம்.

நர்மியில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி வாங்கியவர்களில் சிலர் அதைப் பிரிப்பதைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். சுஹேல் அவற்றைச் சேர்த்துவைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் போனை டிவியோடு இணைத்துக் காட்டுவான். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று வரும். ஒரு கை தெரியும், பெட்டி தெரியும், அவ்வளவுதான். கிரகப்பிரவேசம் முடிந்த அடுத்த வாரம் வந்தது வேறு மாதிரி. புனேயில் ஒரு பெண். அவளைப் பின்தொடர்கிறவர்கள் ஏராளம் என்று சுஹேலே படபடப்பாக இருந்தான்.

“மோகனாக்கா, உன் பேரு வருது பாரு,” என்றாள் சௌந்தர்யா. தையல் மெஷினில் இருக்கிற பெண், வாய் துடுக்கு.

வந்தது. மூடி மெதுவாக எழுந்தது. முத்திரை அட்டை, அதில் அவளுடைய கோணல் எழுத்து, டிவி முழுக்க. அந்தப் பெண் எழுத்தின்மேல் விரலை ஓட்டி, இது என்ன மொழி, எவ்வளவு அழகு என்றாள். ஸ்டிக்கரைக் காகிதம் கிழியாமல் உரித்தாள். டிஷ்யூ ஒவ்வொரு முனையாக விலகியது. பர்ஸும் டப்பாவும் வளையமும் தான் வைத்த இடத்திலேயே அசையாமல் இருப்பதை மோகனா பார்த்தாள். இங்கே வந்த நாளிலிருந்து அவள் பார்க்க விரும்பியது அதுதான். சோற்றை மறந்து சிரித்தாள்.

அந்தப் பெண் பர்ஸை எடுத்துப் பிரித்தாள். உள்மடிப்பில் ஒரு சிவப்பு அம்பு.

அன்வரிக்கா இரண்டு அம்பு ஒட்டுவார். ட்ரேயில் கண்ணுக்குத் தெரிய வெளியே ஒன்று, குறை இருக்கிற இடத்தைக் காட்ட உள்ளே ஒன்று. மோகனாவின் மேஜைக்கு ரிஜெக்ட் என்று எதுவும் வந்ததில்லை. அவளுக்கு அது தெரியவே தெரியாது.

புனே பெண் கேமராவுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்தாள். இந்தியும் ஆங்கிலமுமாகச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். சுஹேல் மொழிபெயர்த்தான். “பாருங்க, தோல்ல இயற்கையா இருக்கிற சுருக்கத்த மறைக்காம, அம்பு போட்டுக் காட்டியிருக்காங்க. இவ்ளோ நேர்மையான பிராண்ட நான் பாத்ததில்லைங்கறாங்க.”

சாப்பாட்டு ரூமே கைதட்டியது. சௌந்தர்யா மோகனாவின் முதுகில் தட்டினாள். “நேர்மைக்கா, ட்ரீட் எப்போ?”

மோகனா அன்வரிக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவர் தட்டில் கை நின்றுவிட்டது தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஆர்டர் குவிந்தது. அம்பு போட்ட பெட்டிதான் வேண்டும் என்று கேட்டார்கள். மறுநாள் காலை சுஹேல் செக்கிங் மேஜைக்கு வந்து நின்றான்.

“ஆபா, ரிஜெக்ட் ட்ரே இருக்குல்ல. ரொம்ப மோசமா இருக்கிறத விட்டுடுங்க. சுமாரா இருக்கிறதுல அழகா ஒரு அம்பு ஒட்டி பெட்டிக்கு அனுப்பிடலாம். நேச்சுரல் மார்க்.”

“அது மார்க் இல்ல, பாபா. லூஸு. உனக்கே தெரியும்.”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” சுஹேல் ட்ரேயைப் பார்க்காமல் சொன்னான். “தப்பா ஒண்ணு போச்சு. நல்லதா முடிஞ்சுது. அதப் போய் பேஜாராக்கணுமா?”

“உரிஞ்சு வந்தா?”

“முன்னாடியே காட்டித்தானே குடுக்கிறோம்.”

அன்வரிக்காவின் கையைத் தாண்டி ஒரு குறை போகாது என்பது அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்காகத்தான் அவரை அங்கே உட்காரவைத்தது. இப்போது குறையையே அலங்காரம் பண்ணி அனுப்பச் சொன்னார்கள். அவர் அம்புச் சுருளை எடுத்து, ஒன்றைக் கிழித்து, விரல்நுனியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றடி தள்ளி மோகனா டிஷ்யூ மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிஷ்யூவின் விளிம்பு கோணலாகிவிட்டதென்று திரும்பத் திரும்பப் பிரித்து மடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கமலத்தின் போன்.

“ஏம்மா, உன் பேரு செல்லுல வந்துருக்குதாமே. எங்க சித்தியூட்டு பையன் காட்டுனான். எல்லாருக்கும் அனுப்பிட்டேன், நம்ம வூட்டு பொண்ணுன்னு.”

“உம்.”

“இன்னா உம்? அது சரி, அதுல அம்பு மாதிரி ஒண்ணு காட்டுறாங்களே. எனக்குக் குடுத்ததுல அது காணமே. டூப்ளிகேட்ட குடுத்துட்டியா?”

“இல்ல அண்ணி. உங்களுதுதான் நல்லது.”

“அப்ப அந்தப் பொம்பளைக்குக் கெட்டதா போச்சு? யாருகிட்ட கதை வுடுற? அம்பு இருக்கிறதா ஒண்ணு எடுத்தாம்மா.”

செல்வகுமார் பக்கத்தில் சிரித்தான். மோகனா போனை வைத்துவிட்டு அடுப்பில் எதுவும் இல்லாமலேயே சமையலறைக்குப் போனாள். இரண்டு வீட்டில் இரண்டு பர்ஸ். நல்லது போன இடத்தில் போலி என்கிறார்கள். கெட்டது போன இடத்தில் நேர்மை என்கிறார்கள். நடுவில் நின்று எதையும் சொல்ல முடியாமல் போனவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது, ஆள் இல்லாத அந்த அறையிலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போன ஆண்கள் திரும்பிய பிறகு சுஹேல் படப்பிடிப்பு வைத்தான். அடுத்த மாசப் பெட்டிக்கு விளம்பரம். அடுக்குகிறவளே பிரித்துக் காட்டினால் எடுபடும் என்பது அவன் கணக்கு. ஜன்னலோரம் மேஜையைத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வெள்ளைத் துணி கட்டினார்கள். போனை மேலேயிருந்து பார்க்கும்படி ஒரு கம்பியில் மாட்டினார்கள். மோகனாவின் நகத்தில் இருந்த பசையைச் சௌந்தர்யா எண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

“முகம் வராதுக்கா, கை மட்டும்தான். அதனால மூஞ்சிய இப்பிடி வச்சிருந்தாலும் பரவால்ல.”

“மெதுவா பிரி,” என்றான் சுஹேல். “மூடி, அப்புறம் அட்டைய ரெண்டு செகண்டு காட்டு, அப்புறம் டிஷ்யூ. சத்தம் கேக்கணும், அந்தச் சரசரப்பு. பர்ஸத் தொறந்து அம்பக் காட்டிட்டு, ‘நாங்க எதையும் மறைக்கிறதில்ல’ன்னு சொல்லு. அவ்ளோதான்.”

அன்வரிக்கா தள்ளி நின்றார். கூப்பிட்டதால் வந்தவர், கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

மோகனா மூடியைத் தூக்கினாள். அட்டையில் தன் பெயர். ஸ்டிக்கரை உரித்தாள், காகிதம் கிழியவில்லை. டிஷ்யூ சரசரத்தது. அவள் அடுக்கியதுதான் எல்லாம், ஒரு குறை சொல்ல முடியாது. பர்ஸை எடுத்து விரித்தாள். அன்வரிக்காவின் கை ஒட்டிய அம்பு என்று பார்த்ததும் தெரிந்தது. எப்போதும் நேராக ஒட்டுகிறவர், இதைச் சாய்வாக ஒட்டியிருந்தார். அம்பு நுனியில் அந்தச் சுருக்கம்.

“நாங்க,” என்றாள்.

“சொல்லு.”

“நாங்க எதையும்…” பர்ஸைக் கீழே வைத்தாள். “சார், அது தப்பா போனது இல்ல.”

“எது?”

“புனேக்குப் போனது. நாந்தான் வச்சேன். தெரிஞ்சுதான் வச்சேன். வெளிய இருந்த அம்ப உரிச்சேன், உள்ள ஒண்ணு இருந்தது தெரியாது. நல்லத எடுத்துட்டுப் போய் எங்க நாத்தனாருக்குக் குடுத்துட்டேன்.”

கம்பியில் தொங்கிய போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று சௌந்தர்யாவுக்குத்தான் முதலில் தோன்றியது, எட்டி நிறுத்தினாள்.

சுஹேலுக்குக் கோபம் வரும் என்று மோகனா காத்திருந்தாள். வரவில்லை. அவன் காது நுனி சிவந்தது. தவறிப் போன ஒன்றை நேர்மை என்று சொல்லிக்கொள்ள அவனால் முடிந்தது. தெரிந்து வைத்ததை இனி அப்படிச் சொல்ல வாய் வராது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பெட்டிக்குள் பார்த்தபடி நின்றான். ஒரு கட்டத்தில் சுருள் காகிதத்தை விரலால் சரிசெய்தான், எதற்கென்றே தெரியாமல்.

“ஆபா, உங்களுக்குத் தெரியுமா?”

“டிவில பார்த்தப்பவே தெரியும்,” என்றார் அன்வரிக்கா. “அவ சொல்வாளான்னு பார்த்தேன். ரெண்டு நாள் ஜாஸ்தி ஆயிடுச்சு.”

“நீங்க சொல்லியிருக்கலாமே.”

“நான் சேர்த்துவிட்ட பொண்ணு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது?”

மோகனாவுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டிருக்கணும்கா,” என்றாள்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு சொல்ல மாட்டேன். குடுத்திருக்க மாட்டேன்.” அன்வரிக்கா கிட்டே வந்து பர்ஸை எடுத்தார். அம்பை உரித்துத் தன் சேலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். பர்ஸை ரிஜெக்ட் ட்ரேயில் கொண்டுபோய்ப் போட்டார். சுஹேல் தடுக்கவில்லை.

புனே பெண்ணுக்கு வேறு பர்ஸும் ஒரு மன்னிப்பும் போயின. என்ன எழுதினான் என்று சுஹேல் யாரிடமும் காட்டவில்லை. அந்தப் பெண் தன் வீடியோவை நீக்கிவிட்டாள் என்று சௌந்தர்யாதான் சொன்னாள். ஆர்டர் கொஞ்சம் குறைந்தது. அம்பு போட்ட பெட்டிகளைப் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். மோகனாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. “இனிமே பெட்டி வேணாம், மோகனா. நூல் வெட்ற இடத்துக்குப் போ,” என்றான் சுஹேல். அதையும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். அட்டைகளில் இப்போது வேறொருத்தி தன் பெயரை எழுதுகிறாள். கமலத்திடம், அம்பு எல்லாம் தீர்ந்துபோச்சு என்று செல்வகுமாரே சொல்லிச் சமாளித்தான். ஏன் என்று அவன் மோகனாவைக் கேட்கவில்லை. ஆம்பூரில் சேதி பரவ ஒரு பஸ் போதும், அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

நூல் வெட்டும் இடம் செக்கிங் மேஜைக்கு நேர் எதிரே. தைத்து வந்த பர்ஸில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனையைத் தோல் கீறாமல் வெட்டி, அன்வரிக்கா பக்கம் தள்ள வேண்டும். மோகனா சுத்தமாகத்தான் வெட்டுவாள். முன்பு எப்போதாவது நூல் வெட்ட உட்கார்ந்தபோதெல்லாம், அன்வரிக்கா தோலை ஒருமுறை மடித்துப் பார்ப்பதோடு சரி, அவள் வெட்டிய நூலைப் பார்க்க மாட்டார்.

இப்போது ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கிறார். உள்மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். நூல் முனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். மறுபடி ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார்.

மோகனா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், தலையைத் தூக்காமல், அடுத்ததைத் தள்ளுகிறாள்.